புதுப்பித்த பிறகு பாட்டுச் செயலி திறக்கவே இல்லை: பட்டியல்களை இழக்காமல் மீண்டும் நிறுவுவது எப்படி?

*"ஆண்ட்ராய்டு ஃபோனில் பாட்டுச் செயலி அப்டேட் ஆனதிலிருந்து, திறந்த சில நொடிகளில் உறைந்து மூடிக்கொள்கிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறார்கள். பல வருடங்களாகச் சேர்த்த பட்டியல்களும் ஈக்வலைசர் அமைப்புகளும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?"*

இன்னும் அழிக்கவில்லை என்றால் நல்லது, தொடாதீர்கள். பட்டியல்கள் இப்போதும் ஃபோனுக்குள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அழித்தால்தான் போகும்.

இணையம் வழியே பாடும் செயலி என்றால் கவலை குறைவு. பட்டியல்கள் உங்கள் கணக்கோடு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும்; எந்த மின்னஞ்சலில் நுழைந்தீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அழிக்கலாம். தரவிறக்கிய பாட்டுகளைத் திரும்ப இறக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஃபோனிலோ மெமரி கார்டிலோ உள்ள கோப்புகளைப் பாடும் செயலிக்குத்தான் நிதானம் தேவை. எனக்கு நேர்ந்ததும் அதுதான்.

என்னிடம் 11 பட்டியல்கள் இருந்தன. அப்டேட் ஆன மறுநாள் செயலி நான்கைந்து நொடி திறந்து நின்று, அப்படியே மூடிக்கொண்டது. அமைப்புகளில் செயலியின் பக்கத்துக்குப் போனால், சேமிப்பகம் என்ற இடத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். தற்காலிகச் சேமிப்பை அழிப்பது ஒன்று. தரவு முழுவதையும் அழிப்பது மற்றொன்று. முதலாவதால் ஆபத்தில்லை, ஆல்பம் அட்டைப் படங்கள் போன்றவைதான் போகும், அவை தானாகத் திரும்ப உருவாகும். இரண்டாவதை அழுத்தினால் பட்டியல்களும் போய்விடும். நான் முதலாவதை அழுத்தி, ஃபோனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை.

இந்த வகைச் செயலிழப்புக்குப் பெரும்பாலும் காரணம் தரவுத்தளம். பட்டியல்கள், மதிப்பீடுகள், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு எல்லாம் ஒரு சிறு தரவுத்தளத்தில் இருக்கின்றன. புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போது அதன் அமைப்பைத் தனக்கேற்ப மாற்றும். அந்த மாற்றம் நடுவில் தடைபட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே இடத்தில் விழும். தற்காலிகச் சேமிப்பை எத்தனை முறை துடைத்தாலும் அது சரியாகாது.

செயலி திறந்தால்தானே பட்டியலை வெளியே எடுக்க முடியும்? அதற்கு ஒரு வழி கிடைத்தது. செயலிகள் திறந்தவுடன் பாட்டுக் கோப்புகளைத் தேடத் தொடங்குகின்றன. என் செயலி விழுந்ததும் அந்த வேளையில்தான். எனவே அமைப்புகளில் அதன் அனுமதிகளுக்குப் போய், இசை, ஆடியோ கோப்புகளுக்கான அனுமதியை நீக்கினேன். பிறகு திறந்தபோது நூலகம் காலியாகத் தெரிந்தது, ஆனால் செயலி நின்றது. அனுமதி கேட்டு வந்த பெட்டியில் மறுத்துவிட்டு, நேராகப் பட்டியல் ஏற்றுமதிக்குப் போனேன். இந்த நிலையில் நூலகத்தை மறுபடி தேடும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். கோப்புகள் காணாமல் போனதாக எண்ணி, சில செயலிகள் பட்டியலிலிருந்தே அவற்றை நீக்கிவிடும்.

ஏற்றுமதி செய்யும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, சேமிக்கும் இடம். `Android/data` என்ற கோப்புறைக்குள் செயலியின் பெயரில் உள்ள இடத்தில் வைத்தால், செயலியை அழிக்கும்போது அந்தக் கோப்புறையும் சேர்ந்தே அழியும். காப்புப்பிரதி எடுத்தும் இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள். `Download` கோப்புறையில் வைத்து, இன்னொரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். இரண்டு, வடிவம். `m3u8` என்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பழைய `m3u` வடிவில் தமிழில் பெயர் வைத்த கோப்புகள் குழம்பிப்போகலாம். இது வெறும் உரைக் கோப்பு. திறந்து பார்த்தால் இப்படி இருக்கும்:

```
#EXTM3U
#EXTINF:214,பயணம் 07
/storage/1A2B-3C4D/Music/பயணம்/07.mp3
```

214 என்பது பாட்டின் நீளம், நொடிகளில். மூன்றாவது வரிதான் உயிர்: கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரி. பதினொரு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, காலியாக இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே செயலியை அழித்தேன். ஈக்வலைசர் அளவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தேன். செயலியின் முழுக் காப்புப்பிரதி வசதியையும் பயன்படுத்தினேன். ஆனால் அதை நம்பி நிற்கவில்லை. பழுதான தரவுத்தளத்தையே அது சுமந்து வரக்கூடும்.

அழித்து, மறுபடி நிறுவி, திறந்தேன். மீண்டும் விழுந்தது! ஆனால் அந்த நான்கு நொடிக்குள் ஒன்று கண்ணில் பட்டது: நான் எதையும் அமைக்காமலே என் பழைய கறுப்புப் பின்னணி வந்திருந்தது. ஆண்ட்ராய்டு 6.0 முதல், அனுமதிக்கும் செயலிகளின் தரவைக் கூகுள் கணக்கில் தானாகக் காப்பெடுக்கும் வசதி உண்டு. ஒரு செயலிக்கு 25 எம்.பி. வரை. மறுபடி நிறுவும்போது அது சத்தமின்றித் திரும்ப வந்துவிடும், பழுதும் சேர்ந்தே. அதனால் இப்போது இரண்டாவது பொத்தானை, தரவு முழுவதையும் அழிப்பதை, தயங்காமல் அழுத்தினேன். நிறுவும்போது மட்டுமே அந்தக் காப்பு திரும்புகிறது என்பதால் இம்முறை செயலி வெறுமையாகத் திறந்தது.

திரும்பச் சேர்ப்பதிலும் வரிசை முக்கியம். முதலில் அனுமதி கொடுத்து, பாட்டுகளைத் தேடி முடிக்கும்வரை காத்திருங்கள். அதன் பிறகே பட்டியல்களை இறக்குமதி செய்யுங்கள். நான் அவசரப்பட்டுத் தேடல் முடியுமுன் இறக்கிய முதல் பட்டியல் காலியாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி இறக்கியதும் நிறைந்தது. மெமரி கார்டையும் மாற்றியிருந்தால் முகவரியில் உள்ள `1A2B-3C4D` போன்ற எண் மாறியிருக்கும். உரைத் திருத்தியில் பழையதைத் தேடிப் புதியதாக மாற்றினால் போதும். கடைசியாக ஈக்வலைசரைக் கையால் அமைத்தேன். மதிப்பீடுகளும் கேட்ட கணக்கும் `m3u8` கோப்பில் வராது. அவற்றை நான் இழந்தேன். அவை உங்களுக்கு முக்கியம் என்றால், எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பின் முழுக் காப்புப்பிரதியை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் பழுது அதில்தான் என்று உறுதியாகிவிடும். தரவை அழித்து, பட்டியல்களை மட்டும் திரும்ப இறக்கலாம்.

தரவை அழித்த பிறகும் பாட்டுகளைத் தேடும்போது உறைகிறது என்றால் பழுது செயலியின் தரவில் இல்லை. ஏதோ ஒரு கோப்பு சிதைந்திருக்கக்கூடும். பாட்டுகளில் பாதியை வேறிடத்துக்கு நகர்த்தித் தேடவிடுங்கள். எந்தப் பாதியில் உறைகிறதோ அதை மீண்டும் இரண்டாகப் பிரியுங்கள். சில சுற்றுகளில் அந்தக் கோப்பு அகப்படும்.

அனுமதியை நீக்கியும் உங்கள் செயலி திறக்கவில்லை என்றால் அழிக்காதீர்கள். பழைய பதிப்பைப் புதியதன்மேல் நிறுவ ஆண்ட்ராய்டு விடாது. முதலில் அழிக்கச் சொல்லும், அங்கே பட்டியல்கள் போய்விடும். ஆனால் அடுத்த அப்டேட் தரவைத் தொடாமல் மேலேயே அமரும். செயலியை உருவாக்கியவர்களுக்கு உங்கள் ஃபோன் மாதிரியையும் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை வேறொரு செயலியில் அதே கோப்புகளைக் கேட்கலாம். பாட்டுகள் எங்கும் போகவில்லை.