இரண்டு பேர் மட்டுமே பேசும் கூட்டம்

"டீமில் எட்டுப் பேர். ஐடியா கேட்டால் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கேட்டாலும் 'ஒன்றுமில்லை' என்கிறார்கள்."

பெயர் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டு, முதலில் எழுத வையுங்கள். நான்கு பேராக இரண்டு குழு. ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடம், மூன்று யோசனை, பேச்சு கூடாது. அப்புறம் தாளை வலப்பக்கம் நகர்த்தி, வந்த தாளில் இருப்பதைப் படித்து, அதை வளர்த்தோ புதிதாகவோ இன்னும் மூன்று. தன் தாள் திரும்பி வரும்வரை இப்படியே.

காரணம் கூச்சம் மட்டுமல்ல. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் யோசனையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். முறை வருவதற்குள் மறந்துபோகிறது, அல்லது 'இது வேண்டாம்' என்று அவரே விட்டுவிடுகிறார். உளவியல் ஆய்வாளர்கள் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே 1987இல் வெளியிட்ட சோதனைகளில் இந்தக் காத்திருப்புதான் பெரிய தடையாகத் தெரிந்தது.

ஒருமுறை செய்து பாருங்கள். அமைதியானவர்களின் தாள் நிரம்பினால், சிக்கல் கூட்ட முறையில்தான். அப்போதும் காலியாக இருந்தால் கேள்வியே அகலமாக இருக்கலாம். 'விற்பனையைக் கூட்டுவது எப்படி' என்பதை 'பழைய வாடிக்கையாளரை மறுபடி வரவைப்பது எப்படி' என்று குறுக்கிப் பாருங்கள்.

ஒன்று கவனம்: கையெழுத்து ஆளைக் காட்டிவிடும். மேலாளர்மேல் பயம் இருக்கும் இடத்தில் அவர் இந்தச் சுற்றில் சேர வேண்டாம். குறை சொல்வதை எல்லாத் தாளும் சுவரில் ஒட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.