பாக்கி கேட்டு மெயில்: கறாராக, ஆனால் கசப்பில்லாமல்

கேள்வி: கோவையில் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறேன். பழைய கஸ்டமர் ஒருவரிடம் 1,84,000 ரூபாய் நிற்கிறது. 45 நாள் கெடு முடிந்து 20 நாள் ஆச்சு. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க"ன்னு இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை சார்.

பதில்: அதில் அவர் பதில் சொல்ல என்ன இருக்கிறது? தேதியைக் கேளுங்கள். அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பி, பர்ச்சேஸ் மேனேஜருக்கு நகல் வையுங்கள்.

> பொருள்: பில் 217, ரூ.1,84,000, கெடு ஜூன் 10
>
> வணக்கம் மேடம். ஏப்ரல் 26 அன்று நீங்கள் பெற்றுக்கொண்ட பெட்டிகளுக்கான தொகை இன்னும் வரவில்லை. பில்லும் கையெழுத்தான டெலிவரி சலானும் இணைத்துள்ளேன். பில் புக் ஆகிவிட்டதா? ஏதாவது குறை இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள், அன்றே சரிசெய்கிறேன். இல்லையென்றால் ஜூலை 7-க்குள் அனுப்பி யூடிஆர் எண்ணைத் தெரிவியுங்கள். அடுத்த லோடு ஜூலை 10 கிளம்ப வேண்டும். அதற்குள் இது முடிந்துவிட வேண்டும்.

"புக் ஆகிவிட்டதா" என்பதுதான் முக்கியம். பல நேரம் பில்லில் பிஓ எண் விட்டுப்போயிருக்கும், அல்லது ஸ்டோர்ஸில் வரவு வைத்திருக்க மாட்டார்கள். "புக் ஆயிடுச்சு, பார்க்கிறோம்" என்று வந்தால் அங்கே பணமுடை என்று புரிந்துகொள்ளலாம். அப்போது இரண்டு தவணையாகக் கேளுங்கள், இரண்டுக்கும் தேதியோடு. உங்கள் வீட்டுக் கஷ்டத்தை மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: 45 நாள் தாண்டினால் 18% வட்டி சட்டமே தருகிறதே, முதல் மெயிலிலேயே போட்டுவிடலாமே?

பதில்: 18% உங்கள் பில்லில் அச்சடித்ததாக இருக்கும். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்வது ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடுவே 15 நாள்தான். ஆனால் முதல் மெயிலில் வட்டி என்றால் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். மூன்றாவதில் உத்யம் சான்றிதழை இணைத்து, "கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதுங்கள். மார்ச்சில் இந்த ஒரு வாக்கியம் நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: நான் நூல் வாங்கி விற்கிறவன். எனக்கும் உத்யம் இருக்கு. இதையே அப்படியே அனுப்பட்டுமா அண்ணா?

பதில்: மெயிலை அனுப்புங்க தம்பி, அந்தச் சட்ட வாக்கியம் வேண்டாம். வாங்கி விற்பவர்களுக்கு உத்யம் வங்கிக் கடனுக்குத்தான் உதவும். உங்களுக்கு ஜிஎஸ்டி இருக்கிறது: பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராவிட்டால், எடுத்த வரி வரவை அவர் வட்டியோடு திருப்ப வேண்டும்.

கேள்வி: பணம் வரும்வரை சரக்கை நிறுத்து என்கிறார் என் பார்ட்னர். ஆளே போய்விடுவாரே?

பதில்: அவர் வேறு யாரிடம் வாங்க முடியும் என்பதைப் பொறுத்தது, அது உங்களுக்குத்தான் தெரியும். நானாக இருந்தால் முழுசாக நிறுத்த மாட்டேன். புது லோடுக்கு மட்டும் முன்பணம் கேட்பேன். அதற்கும் முகம் சுளித்தால், உங்கள் பார்ட்னர் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.