இன்சைடு பார் உடைந்ததும் ஸ்டாப்லாஸ் அடிப்பது ஏன்?

"கிரிப்டோ டெய்லி சார்ட்டில் இன்சைடு பாரோ NR7 நாளோ வந்தால் மறுநாள் அதன் ஹையை உடைத்ததும் வாங்குகிறேன். பாதி தடவை ஸ்டாப்லாஸ் அடித்துவிட்டு அப்புறம்தான் ஏறுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?"

பெரும்பாலும் நீங்கள் வாங்கும் கோடுதான் தப்பு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை பெரிய கேண்டில், ஹை 108, லோ 98. புதன்கிழமை முழுவதும் அதற்குள்ளேயே அடங்கி 105-க்கும் 102-க்கும் நடுவில் முடிகிறது. ரேஞ்ச் வெறும் 3, முந்தைய ஆறு நாளில் எதுவும் இவ்வளவு சிறியது இல்லை, அதனால் இது இன்சைடு பாரும்தான், NR7-ம்தான். வியாழன் விலை 105.60 போய் 105.20-ல் இருந்த உங்கள் ஆர்டரை எடுத்துவிட்டு 101.50-க்கு இறங்குகிறது, 101.80-ல் வைத்த ஸ்டாப் காலி. வெள்ளி 108-ஐத் தாண்டி ஓடுகிறது.

105 என்பது செவ்வாய் கேண்டிலின் வயிற்றுப் பகுதி. அன்று 108 பக்கம் விற்றவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், ஆகவே 105 உடைவதை நான் பிரேக்அவுட் என்றே எண்ணுவதில்லை, செவ்வாயின் 98-108 பெட்டிக்குள் நடக்கும் அசைவுதான் அது. வியாழனும் அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை, பாருங்கள். நான் என்றால் 108.20-ல் பை ஸ்டாப் போட்டு, வியாழனின் லோவுக்குக் கீழே 101.20-ல் ஸ்டாப்லாஸ் வைப்பேன்.

ஸ்டாப் தூரம் 3.40-லிருந்து 7 ஆகிவிட்டதே என்பீர்கள். சரி, அளவைக் குறையுங்கள். கணக்கில் 1000 டாலர், ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 10 டாலர் மட்டும் இழக்கத் தயார் என்றால், முன்பு 2.9 காயின் வாங்கிய இடத்தில் இப்போது 1.4 காயின். இதைச் செய்யாமல் கோட்டை மட்டும் மாற்றினால் நஷ்டம் இரட்டிப்பாகும். நாள் முடியும்போது விலை மறுபடி 108-க்குக் கீழே வந்து நின்றால் ஸ்டாப்புக்காகக் காத்திருக்காமல் வெளியேறிவிடுவேன். ரேஞ்ச் சுருங்குவது திசை சொல்லாது என்பதால் 98 உடைந்தாலும் அதுவும் பிரேக்அவுட்தான், கீழ்ப் பக்கம்.

இன்னொன்று, வாரக்கடைசி. கிரிப்டோ ஏழு நாளும் ஓடுவதால் எந்த NR7 கணக்கிலும் ஒரு சனியும் ஞாயிறும் சிக்கிக்கொள்ளும், அந்த நாட்களில் பெரிய கைகள் ஒதுங்கியிருப்பதால் ரேஞ்ச் தானாகவே சுருங்கும். ஞாயிற்றுக்கிழமை NR7-ஐ முந்தைய வெள்ளியோடு ஒப்பிடாதீர்கள், அதற்கு முந்தைய மூன்று நான்கு ஞாயிறுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அவற்றைவிடவும் சிறியது என்றால்தான் உண்மையான சுருக்கம்.

கேண்டில் முடிவதற்கு முன் எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான சார்ட்டுகளில் டெய்லி கேண்டில் 00:00 UTC-க்கு மூடும். காலையில் பார்த்தால் எல்லா நாளும் இன்சைடு பார் போலத்தான் தெரியும்.