நெடி நின்றுவிட்டால் ஆபத்து நின்றுவிட்டதா?

கேள்வி: ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். போன மாதம் கீழே மீட்டர் அறையில் தீப்பிடித்து, படிக்கட்டு முழுக்கப் புகை. வீட்டில் என்95 மாஸ்க் இருக்கிறது. பெயின்ட் அடிப்பவர்கள் போடுகிற கரி வடிகட்டி மாஸ்க்கும் ஒன்று இருக்கிறது. தலையை முழுக்க மூடுகிற 'தீ மாஸ்க்' ஆன்லைனில் விற்கிறார்கள். எதைப் போட்டுக்கொண்டு இறங்கலாம்?

பதில்: கையில் இருக்கும் இரண்டையும் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. வாங்க நினைப்பதை நம்பியும் புகை அடைத்த படிக்கட்டில் கால் வைக்காதீர்கள்.

என்95 பிடிப்பது கரித்துகளைத்தான். புகையில் வரும் வாயு எதுவும் அதில் நிற்காது. பெயின்ட் மாஸ்க்கில் இருக்கும் கரி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற ஆவிகளில் சிலவற்றைப் பிடித்து வைக்கும். எளிதில் திரவமாகக்கூடிய ஆவிதான் கரியின் துளைகளில் ஒட்டும். கார்பன் மோனாக்சைடு திரவமாக வேண்டுமென்றால் மைனஸ் 191 டிகிரிக்குக் குளிர வேண்டும். அதனால் நம் வீட்டு வெப்பத்தில் கரியின் மேல் அது தங்காமல் நேராக மூக்குக்கு வந்துவிடும்.

எனக்குப் பெரிய பயம் இதில்தான். மாஸ்க் இல்லாதவரைப் புகையின் எரிச்சலே இருமவைத்துத் திருப்பி அனுப்பிவிடும். கரி மாஸ்க் போட்டவருக்கு அந்த எரிச்சல் குறைவு, 'மூச்சு விட முடிகிறதே' என்று இன்னும் இரண்டு மாடி இறங்கிவிடுவார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சில மூச்சிலேயே நினைவு தப்பலாம்.

சரி, நீங்கள் கேட்ட 'தீ மாஸ்க்', அதாவது தலைமூடி? நல்ல தலைமூடியில் கரியோடு ஹோப்கலைட் என்ற கருப்புக் குருணையும் இருக்கும். மாங்கனீசு டை ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்தது. இது கார்பன் மோனாக்சைடைப் பிடித்து வைப்பதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்த்து கார்பன் டை ஆக்சைடாக மாற்றி அனுப்புகிறது. மாற்றும்போது சூடு பிறக்கும். ஒரு சதவீத கார்பன் மோனாக்சைடு உள்ள காற்று முழுதாக மாறினால், கணக்குப்படி அந்தக் காற்றின் வெப்பம் 90 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். வடிகட்டியின் உடலே கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டாலும், இழுக்கும் மூச்சு சுடத்தான் செய்யும். 'மாஸ்க் கெட்டுவிட்டது' என்று பலர் கழற்றுவது அந்த நேரத்தில்தான். சூடு வந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள், கழற்றக் கூடாது.

ஹோப்கலைட்டுக்கு எதிரி ஈரம். ஈரம் ஏறிய குருணை கார்பன் மோனாக்சைடை மாற்றாது. முன்னால் ஓர் உலர்த்தும் அடுக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் இதே வகைக் கருவியை 90 நாளுக்கு ஒருமுறை தராசில் வைக்க வேண்டும் என்று விதி உண்டு. முதல் எடையைவிட 10 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் ஈரம் குடித்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு பயிற்சியின்போது நான் பிரித்த தலைமூடியின் வெள்ளி உறையில், மடிப்பு ஓரத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை. வெளியில் இருந்து பார்த்தால் புத்தம் புதிது. அதைப் போட்டவருக்குப் புகை நெடி தெரியாமல் இருந்திருக்கும், நஞ்சு மட்டும் உள்ளே போயிருக்கும். 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று உறையைக் கிழித்தாலும் இதே கதி.

சரியாக இருக்கும் தலைமூடியும் ஆக்சிஜன் தராது. ஐரோப்பிய ஈஎன் 403 தரத்தில் கார்பன் மோனாக்சைடுக்குச் சோதித்தவை பாதுகாப்புத் தருவதாகக் கணக்கிடுவது 15 நிமிடம்தான். காற்றில் ஆக்சிஜன் சுமார் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எந்த வடிகட்டியும் உதவாது. வாங்குவதானால், உறையில் கார்பன் மோனாக்சைடைக் குறிக்கும் CO என்று தனியாகப் போட்டிருக்கிறதா, எந்தத் தரம், எத்தனை நிமிடம், காலாவதி எப்போது என்று பாருங்கள். 'எல்லா நச்சு வாயுவுக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் ஒன்பதாவது மாடி. புகை இல்லாத படிக்கட்டிலேயே மாடிக்கு 20 விநாடி என்றால் மூன்று நிமிடம் ஆகும். இருட்டில், கைப்பிடியைத் தடவி இறங்கினால் அது பல மடங்கு. தீ கீழே என்றால் இறங்க இறங்க அதை நோக்கித்தான் போகிறீர்கள். அதனால் கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, இடுக்கில் புகை வந்தாலோ திறக்காதீர்கள். அடியில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, தெருப்பக்கப் பால்கனிக்குப் போய் 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். மாடி எண்ணையும் எந்தப் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கட்டு தெளிவாக இருந்து வழியில் லேசாகப் புகை சூழ்ந்தால், அப்போது தலைமூடியை மாட்டிக்கொண்டு வெளியேறுங்கள். ஒருமுறை போட்டதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். எதையாவது எடுக்க உள்ளே திரும்பாதீர்கள்.

அப்புறம் ஒன்று. புகைக்குள் இருந்துவிட்டு வந்தபின் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் நல்ல ரத்தமாகவே தெரியும். மருத்துவமனையில் 'தீப்புகைக்குள் இருந்தேன்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆக்சிஜன் வைத்துவிட்டு, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று தனியாகப் பார்ப்பார்கள்.