மையக்கருத்து முதல் வரியில்தான் இருக்குமா?

கேள்வி: பாப்பா எட்டாவது படிக்கிறாங்க. பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டா, யாரு, எங்கே, எப்போங்கறதுக்கெல்லாம் சரியா எழுதிடறா. ‘மையக்கருத்து என்ன’, ‘ஆசிரியரின் நோக்கம் என்ன’ன்னு வந்தா மட்டும் முதல் வரியை அப்படியே எடுத்து எழுதி வச்சர்றா. நான் எப்படிச் சொல்லித் தர்றதுங்க? – ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: யாரு, எங்கே என்ற கேள்விகளுக்கு விடை ஏதோ ஒரு வரியில் இருக்கும். தேடி எடுத்தால் போதும். மையக்கருத்து அப்படி ஒரு வரியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எல்லா வரிகளும் சேர்ந்து எதைத் தாங்குகின்றனவோ அதுதான் மையக்கருத்து. உங்கள் மகள் இங்கேயும் வரியைத் தேடுகிறாள், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறாள். ஆகவே மாற்ற வேண்டியது அவள் படிக்கும் முறையை. ஒரு பத்தியை வைத்துச் செய்து பார்ப்போம். வரிகளுக்கு எண் போட்டிருக்கிறோம். வீட்டிலும் பென்சிலால் எண் போட்டே தொடங்குங்கள்.

(1) கொங்கு நாட்டில் பல வகையான நிலங்கள் உள்ளன. (2) காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டு நிலங்களில் மழை குறைவு. (3) அங்கே உழவர்கள் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளர விடுகிறார்கள். இதற்குக் கொறங்காடு என்று பெயர். (4) நடுவே நிற்கும் வெள்வேல மரங்கள் நிழலும், ஆடுகள் தின்னக் காயும் தருகின்றன. (5) மழை பொய்த்த ஆண்டில் சோளமும் கம்பும் கருகிவிடும். (6) ஆனால், கால்நடைகள் மேயக் காய்ந்த புல்லாவது இங்கே மிஞ்சும். (7) அதனால்தான் வானம் பார்த்த பூமியிலும் காங்கேயம் மாடுகள் நிலைத்து நிற்கின்றன.

முதல் வேலை, பத்தி எதைப் பற்றியது என்று கண்டுபிடிப்பது. ‘அடிக்கடி வரும் சொல்லைப் பார்’ என்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் அது பாதிதான் உதவும். மேலே ‘கொறங்காடு’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஆனால் 4-ஆம் வரியில் ‘நடுவே’ என்றால் எதன் நடுவே? 6-இல் ‘இங்கே’ என்றால் எங்கே? இரண்டும் கொறங்காட்டைத்தான் சுட்டுகின்றன. சொல்லைத் திரும்பச் சொல்லாமல் அது, இது, அங்கே என்று சுட்டிக்காட்டிப் போவதும், சில நேரம் எழுவாயையே விட்டுவிடுவதும் தமிழ் வாக்கியத்தின் இயல்பு. அதனால் சுட்டுச்சொல் ஒவ்வொன்றின் மேலும் அது எதைக் குறிக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் பத்தி எதைப் பற்றியது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

‘கொறங்காடு’ என்று மட்டும் எழுதினால் அது தலைப்பு, மையக்கருத்து ஆகாது. ‘கொறங்காட்டைப் பற்றி என்ன சொல்கிறார்?’ என்று அடுத்துக் கேட்க வேண்டும். விடை பயனிலையோடு கூடிய முழு வாக்கியமாக வர வேண்டும். இதற்கு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று ஓரிரு சொல்லில் குறிக்கலாம். 1 வாசல் வரி. வாசகரை உள்ளே அழைக்கிறது, அவ்வளவே. 2 சூழல். 3 விளக்கம். 4 கூடுதல் பயன். 5 சிக்கல். 6 அந்தச் சிக்கலுக்குக் கொறங்காடு தரும் விடை. 7 அதன் விளைவு. ‘ஆனால்’, ‘அதனால்தான்’ என்று தொடங்கும் இரண்டு வரிகளிலும் பத்தியின் கனம் இறங்குவதைப் பாருங்கள். ‘ஆனால்’ என்பதற்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால் வருவதற்கான ஏற்பாடு.

இப்போது எழுதிப் பார்த்தால்: ‘மழை குறைந்த மேட்டு நிலத்தில், வறட்சியிலும் தீவனம் தந்து கால்நடைகளைக் காப்பது கொறங்காடு.’

இது சரியா என்று சோதிக்க, ஒவ்வொரு வரியையும் தொட்டு ‘இது அந்த வாக்கியத்துக்குத் துணை நிற்கிறதா?’ என்று கேளுங்கள். 2 முதல் 7 வரை நிற்கின்றன. முதல் வரியை மையக்கருத்தாக வைத்து இதே சோதனையைச் செய்தால், மற்ற ஆறு வரிகளும் ஒரே வகை நிலத்தைத்தான் பேசுகின்றன. பல வகை நிலங்கள் எங்கே? ஆக, அது மிக அகலம். ‘வெள்வேல மரங்கள் நிழல் தருகின்றன’ என்று எழுதினால் மிகக் குறுகல். 4-ஆம் வரி மட்டும்தான் துணை நிற்கும். 7-ஆம் வரியை அப்படியே எழுதினாலும் போதாது. ‘அதனால்தான்’ என்பதில் உள்ள ‘அது’ எது என்பது விடைத்தாளில் இருக்காது. கடைசி வரியைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

நோக்கத்துக்கு வருவோம். மையக்கருத்து, அவர் என்ன சொல்கிறார் என்பது. நோக்கம், எதற்காகச் சொல்கிறார், நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பது. இதைக் காட்டிக்கொடுப்பவை வினைமுற்றுகள். மேலே உள்ள பத்தியில் உள்ளன, தருகின்றன, மிஞ்சும், நிற்கின்றன என்றே வருகிறது. நம்மை எதுவும் செய்யச் சொல்லவில்லை. எனவே நோக்கம், ‘கொறங்காட்டின் அமைப்பையும் பயனையும் வாசகருக்கு விளக்குவது.’ வெறுமனே ‘தகவல் தருவது’ என்று நிறுத்தினால் எந்தப் பத்திக்கும் அது பொருந்திப்போகும். எதைப் பற்றி என்பதும் சேர வேண்டும்.

இப்போது 7-ஆம் வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: ‘இத்தகைய நிலத்தை வீட்டுமனையாக மாற்றிவிட்டால் மாடுகள் எங்கே போகும்? மிச்சமுள்ள கொறங்காடுகளையாவது நாம் காக்க வேண்டும்.’ மற்ற ஆறு வரிகளும் அப்படியே இருக்க, நோக்கம் ‘வலியுறுத்துவது’ என்று மாறிவிட்டது. ‘வேண்டும்’, ‘நாம்’, விடையை எதிர்பார்க்காத அந்தக் கேள்வி, மூன்றும் அடையாளங்கள். கூடவே மையக்கருத்தும் ‘கொறங்காடுகள் காக்கப்பட வேண்டும்’ என்று நகர்ந்துவிடும். ‘முதலில் கிளுவைப் போத்துகளை வெட்டி எடுத்து நடுங்கள், பிறகு…’ என்று ஏவல் வினைகளாக வந்தால் வழிகாட்டுவது நோக்கம். ஒரே பத்தியின் முடிவை இப்படி மாற்றி மாற்றி எழுதச் சொல்வதைவிட நல்ல பயிற்சி இதற்கு இல்லை. பத்துப் பத்திகளைப் படிப்பதைவிட ஒரு பத்தியை மூன்று விதமாக முடித்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் நோக்கம் என்றால் என்ன என்பது பிடிபடும்.

ஒரு பிழையை மட்டும் கவனமாகத் திருத்துங்கள். பாடங்கள் பல அறிவுரையோடு முடிவதால், பிள்ளைகள் எல்லாப் பத்திக்கும் ‘நாம் பாதுகாக்க வேண்டும்’ என்று முடித்துவிடுகிறார்கள். கருத்து நல்லதுதான், ஆனால் முதல் வடிவத்தில் ஆசிரியர் அதைச் சொல்லவே இல்லை. அப்படி எழுதினால் ‘எந்த வரியில்?’ என்று கேட்டு, விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் வைக்க இடமில்லை என்றால் அது அவளுடைய கருத்து.

கதைப் பத்தியாக இருந்தால் வரியின் வேலையைக் குறிப்பதோடு, தொடக்கத்தில் இருந்த நிலை முடிவில் எப்படி மாறியது, எதனால் மாறியது என்றும் கேட்க வேண்டும். அங்கே மையக்கருத்து பெரும்பாலும் அந்த ‘எதனால்’ என்பதில் இருக்கும்.

தேர்வில் இந்த இரண்டு கேள்விகளும் எந்த எண்ணில் வந்தாலும் கடைசியாக விடை எழுதச் சொல்லுங்கள். மற்ற கேள்விகளுக்காகப் பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதே வரிகளின் வேலை பாதி புரிந்திருக்கும். வினா எண்ணை மட்டும் சரியாகப் போட வேண்டும்.