மூன்று பிளாட்ஃபார்ம், ஒரே ஆள்: ரீச் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: ஒரே விளம்பரத்தை மூன்று இடங்களில் ஓட்டினோம். வீடியோ தளத்தில் 4 லட்சம், சோஷியல் தளத்தில் 3 லட்சம், செய்தி ஆப்பில் 2 லட்சம் ரீச். மொத்தம் 9 லட்சம் பேரை அடைந்தோம் என்று கிளையன்ட்டிடம் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஒருவர்கூட இரண்டு இடங்களில் பார்க்கவில்லை என்றால்தான் 9 லட்சம். சோஷியலிலும் செய்தி ஆப்பிலும் பார்த்த எல்லோரும் வீடியோவிலும் பார்த்தவர்கள்தான் என்றால் வெறும் 4 லட்சம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதுதான் இந்த முறை வந்த பாதிக் கடிதங்களின் கேள்வி. எண்கள் உருண்டையாக இருப்பதால் கீழே உள்ள பதில்களுக்கும் இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அதே மாதிரி ஒரு கேம்பெய்னுக்கு ஏஜென்சி 6.6 லட்சம் என்கிறது. நாங்கள் அதே சூத்திரத்தைப் போட்டால் 7.8 லட்சம் வருகிறது. யார் செய்தது தப்பு?

இரண்டு பேரும் எந்த யூனிவர்ஸில், அதாவது மொத்தம் எத்தனை பேரை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று கடிதத்தில் எழுதவே இல்லை. நானே ஊகிக்க வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லும் சூத்திரம் சேன்ஸ்பரி முறை. ஒவ்வொரு பிளாட்ஃபார்மும் அடையாமல் விட்ட பங்கைப் பெருக்கி, ஒன்றிலிருந்து கழிப்பது. டார்கெட் 10 லட்சம் பேர் என்றால்:

```
1 - (1-0.40)*(1-0.30)*(1-0.20) = 0.664
```

அதாவது 6.6 லட்சம். ஏஜென்சியின் விடை வந்துவிட்டது. இப்போது யூனிவர்ஸ் 20 லட்சம் என்று வையுங்கள். ரீச் சதவீதங்கள் 20, 15, 10 ஆகிவிடும். சூத்திரம் 38.8 சதவீதம் கொடுக்கும், 20 லட்சத்தில் அது சுமார் 7.8 லட்சம். அதுதான் உங்கள் விடை. 50 லட்சம் என்று போட்டுப் பாருங்கள், 8.5 லட்சம் வரும். பார்த்தவர்கள் ஒருவர்கூட மாறவில்லை. பார்க்காதவர்களைப் பக்கத்தில் குவித்து வைத்ததற்கே ரீச் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ஏறிவிட்டது!

எனக்குப் பல வருஷமாக எரிச்சல் தரும் விஷயம் இது. மீட்டிங்குக்கு மீட்டிங் இந்தச் சூத்திரம் ஸ்லைடில் வரும், யூனிவர்ஸ் மட்டும் வராது. கேட்டால் "எல்லாப் பெரியவர்களும்" என்பார்கள். விளம்பரமோ 25 முதல் 40 வயதுக்காரர்களுக்கு மட்டும் டார்கெட் செய்யப்பட்டிருக்கும். டார்கெட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த விளம்பரம் மூன்று இடத்திலும் தெரிய வாய்ப்பே இல்லை. அவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் ஒவ்வொரு பிளாட்ஃபார்மின் சதவீதமும் சிறுக்கும். சதவீதம் சிறுத்தால் சூத்திரத்தின் கண்ணுக்கு ஓவர்லேப்பும், அதாவது இரண்டு இடத்திலும் பார்த்தவர்களின் பங்கும் சிறுக்கும், ஏனென்றால் அது இரண்டு சதவீதங்களைப் பெருக்கித்தான் ஓவர்லேப்பைக் கண்டுபிடிக்கிறது. ரீச் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்பவருக்கு இது வசதியான பொத்தான். தெரிந்தே அமுக்குகிறவர்களும் உண்டு, தெரியாமல் அமுக்குகிறவர்களும் உண்டு. ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கணக்கு போட்டவரிடம் யூனிவர்ஸை இரட்டிப்பாக்கி மறுபடி போடச் சொல்லுங்கள். விடை கணிசமாக மாறினால், அந்த எண்ணைத் தீர்மானிப்பது அளவீடு அல்ல, யூனிவர்ஸ் என்ற அனுமானம் என்று புரிந்துவிடும். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் யூனிவர்ஸை எழுதுங்கள்: யார், எந்தப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. மூன்று பிளாட்ஃபார்ம் ரிப்போர்ட்டும் அதே வரையறையில் இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் டார்கெட் 10 லட்சம் என்றால் ஏஜென்சி பக்கம்தான் நியாயம். ஆனால் அவர்களுடைய 6.6 லட்சமும் அநேகமாக அதிகம்தான். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சேன்ஸ்பரி முறையில் ஒரு பிளாட்ஃபார்மில் பார்ப்பதும் இன்னொன்றில் பார்ப்பதும் தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்கிறோம். நிஜத்தில் அப்படி இல்லையே. எப்படித் திருத்துவது?

நல்ல கேள்வி. நிஜத்தில் எப்போதும் போனும் கையுமாக இருப்பவர் எல்லா இடத்திலும் மாட்டுவார். எப்போதாவது எடுத்துப் பார்ப்பவர் எங்கேயும் மாட்டமாட்டார். எனவே ஓவர்லேப் சூத்திரம் சொல்வதைவிட அதிகமாகவும், ஒருவரை ஒரு முறை மட்டும் எண்ணும் யூனிக் ரீச் குறைவாகவும் இருக்கும்.

திருத்தச் சிக்கலான மாடல் எதுவும் வேண்டாம். யூனிவர்ஸை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் தனித்தனியாக அதே சூத்திரத்தைப் போடுங்கள். 10 லட்சத்தில் 5 லட்சம் பேர் அதிகம் பயன்படுத்துபவர்கள், 5 லட்சம் பேர் குறைவாகப் பயன்படுத்துபவர்கள் என்று வைப்போம். வீடியோ தளம் முதல் குழுவில் 60 சதவீதத்தையும் இரண்டாவதில் 20 சதவீதத்தையும் அடைந்தது. கூட்டினால் 4 லட்சம் சரியாக வருகிறது. சோஷியலுக்கு 50, 10 என்று வையுங்கள். செய்தி ஆப்புக்கு 35, 5. அவையும் 3 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் பொருந்துகின்றன.

```
1 - 0.40*0.50*0.65 = 0.870
1 - 0.80*0.90*0.95 = 0.316
```

முதல் குழுவில் 4.35 லட்சம், இரண்டாவதில் 1.58 லட்சம், மொத்தம் 5.9 லட்சம். சேர்த்துப் போட்டபோது வந்த 6.6-உடன் ஒப்பிட்டால் 70 ஆயிரம் பேர் காணாமல் போய்விட்டார்கள். அவர்கள் முன்பும் இல்லை, கணக்கில்தான் இருந்தார்கள். ஒரே குழுவுக்குள்ளும் அதிகம் பார்ப்பவர், குறைவாகப் பார்ப்பவர் என்ற ஏற்றத்தாழ்வு இருக்கும். அதனால் உண்மை 5.9-க்கும் சற்றுக் கீழேதான் இருக்கும். மூன்று நான்கு குழுக்களாகப் பிரித்தால் இன்னும் நெருங்கலாம், ஆனால் பெரிய இறக்கம் பெரும்பாலும் முதல் பிரிவிலேயே வந்துவிடும்.

இதற்கு எதிர்த் திசையிலும் நடக்கும். ஒரு தளம் இளைஞர்களுடையது, இன்னொன்று வயதானவர்களுடையது என்றால் ஓவர்லேப் சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாக இருக்கும். அங்கே வயது வாரியாகப் பிரியுங்கள். எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டால், இரண்டு தளத்தின் பயன்பாட்டையும் எது ஒன்றாக ஆட்டுகிறதோ அதை வைத்து.

கேள்வி: அந்த 60, 20 எங்கிருந்து வரும்? பிளாட்ஃபார்ம்கள் அப்படிப் பிரித்துத் தருவதில்லையே?

தராது. சர்வே எடுக்க வேண்டும். டார்கெட்டிலிருந்து ஆயிரம் பேர் போதும், ஆனால் சரியான கேள்வி கேளுங்கள். "இந்த விளம்பரத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்காதீர்கள். பார்த்தவர் மறந்திருப்பார், பார்க்காதவர் தலையாட்டுவார். "இந்த ஆப்பைப் பயன்படுத்துகிறீர்களா?" என்றும் கேட்காதீர்கள், எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள். நேற்று திறந்தீர்களா, கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் திறந்தீர்கள் என்று ஒவ்வொரு தளத்துக்கும் கேளுங்கள். வந்த பதில்களை வைத்து ஆட்களை இரண்டு குழுவாக்கி, ஒவ்வொரு தளத்தின் பயன்பாடு எந்தக் குழுவில் எவ்வளவு என்று பாருங்கள். தோராயமாக அதே விகிதத்தில் அந்தத் தளத்தின் ரீச்சைப் பிரிக்கலாம்.

கேள்வி: அகோஸ்டினி சூத்திரம் இன்னும் செல்லுமா?

1961-இல் அச்சுப் பத்திரிகைகளின் வாசகர்களுக்காக வந்தது. அதில் இருக்கும் 1.125 என்ற மாறிலி அந்தப் பத்திரிகைத் தரவிலிருந்து பிறந்தது, உங்கள் ஆப்புகளிலிருந்து அல்ல. வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு வார ரீச்சையும் கூட்டினால் மாத ரீச் கிடைக்குமா?

கிடைக்காது. போன வாரம் பார்த்தவரே இந்த வாரமும் பார்க்கிறார். இதுவும் டபுள் கவுண்டிங்தான், பிளாட்ஃபார்முக்குப் பதில் வாரம், அவ்வளவே. மாத ரீச் வேண்டுமென்றால் மாதத் தேதியைப் போட்டு ரிப்போர்ட்டை மறுபடி எடுங்கள்.

கேள்வி: செய்தி ஆப்பின் ரீச் எங்கள் டார்கெட்டையே தாண்டிவிட்டது. இது எப்படி சாத்தியம்?

ரிப்போர்ட்டின் அடிக்குறிப்பைப் படித்தீர்களா? ரீச் என்று தலைப்பில் போட்டுவிட்டு, கீழே கணக்குகளை எண்ணுகிறோம் அல்லது சாதனங்களை எண்ணுகிறோம் என்று பொடி எழுத்தில் இருக்கும். போன், டேப்லட், ஆபீஸ் கம்ப்யூட்டர் மூன்றிலும் திறப்பவர் மூன்று ஆளாகிவிடுவார். குக்கீயை எண்ணினால் இன்னும் மோசம், அழித்துவிட்டு வந்தால் புது ஆள். சர்வேயில் ஒருவர் எத்தனை சாதனத்தில் திறக்கிறார் என்றும் கேட்டு, அதால் வகுத்த பிறகுதான் மேலே சொன்ன சூத்திரத்துக்குள் போங்கள். யூனிவர்ஸ் ஆட்களின் எண்ணிக்கை. ரீச்சும் ஆட்களின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும்.

கேள்வி: இமெயிலை ஹாஷ் செய்து பிளாட்ஃபார்ம்களுக்கு இடையே நேரடியாகப் பொருத்திவிட முடியாதா?

பெரிய தளங்கள் யார் விளம்பரத்தைப் பார்த்தார் என்ற பட்டியலை உங்களிடமும் தராது, போட்டித் தளத்திடமும் தராது. அதனால் வேறு வழி தேடியிருக்கிறார்கள். விர்ச்சுவல் பீப்பிள் என்ற முறையில், ஒவ்வொரு தளமும் ஒரு பொதுவான மாடலை வைத்துத் விளம்பரம் காட்டப்பட்ட ஒவ்வொரு முறையையும், அதாவது ஒவ்வொரு இம்ப்ரெஷனையும், ஒரு கற்பனை ஆளின் எண்ணுக்கு ஒதுக்கும். கூகுளின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட யோசனை இது. எல்லாத் தளங்களும் ஒரே கற்பனை மக்கள்தொகையைப் பயன்படுத்துவதால், அந்த எண்களின் தொகுப்புகளைச் சுருக்கி மறைகுறியாக்கி ஒன்றுசேர்த்தால் யூனிக் ரீச் கிடைக்கும். பிரிட்டன் விளம்பரதாரர் சங்கமான ISBA நடத்தும் Origin இந்த வழியில் போகிறது. ஆனால் அதிலும் அந்த ஒதுக்கீட்டு மாடலைச் சீர்செய்வது ஒரு பேனல்தான், அதாவது உண்மையான ஆட்களிடம் எடுத்த அளவீடு. தனியுரிமைக்காக எண்களில் வேண்டுமென்றே இரைச்சலும் சேர்ப்பார்கள். சின்ன கேம்பெய்னில் விடை ஆடும்.

கேள்வி: ஃப்ரீக்வென்சி எங்கள் ரிப்போர்ட்டில் 3.2 தான். ஆனால் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது என்று புகார். ஏன்?

ஃப்ரீக்வென்சி என்பது ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பது. மொத்த இம்ப்ரெஷன் 29 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கூட்டிய ரீச்சான 9 லட்சத்தால் வகுத்திருக்கிறீர்கள். யூனிக் ரீச்சான 5.9 லட்சத்தால் வகுங்கள், 4.9 வரும். சராசரியே ஐந்தைத் தொட்டால், மூன்று தளத்திலும் இருப்பவர் பத்தைத் தாண்டியிருக்கலாம். புகார் நியாயமானதுதான்.

கேள்வி: நான்காவதாக ஒரு பிளாட்ஃபார்ம் சேர்க்கலாமா? 1 லட்சம் ரீச் உத்தரவாதம் தருகிறார்கள்.

உத்தரவாதம் அவர்கள் ரீச்சுக்கு, உங்கள் கூடுதல் ரீச்சுக்கு அல்ல. மேலே உள்ள கணக்கில் இதுவரை யாரும் அடையாதவர்கள் அதிகம் பயன்படுத்தும் குழுவில் 65 ஆயிரம், மற்றக் குழுவில் 3.4 லட்சம். புதுத் தளம் முதல் குழுவில் 15 சதவீதமும் இரண்டாவதில் 5 சதவீதமும் அடைந்தால் 1 லட்சம் ஆகிவிடும், ஆனால் புதிய ஆட்கள் சுமார் 27 ஆயிரம்தான். இதையே திருப்பி, முதலில் 5, இரண்டாவதில் 15 என்று அடைந்தால் புதியவர்கள் 55 ஆயிரம். அதே 1 லட்சம், அதே விலை, இரண்டு மடங்கு புதிய ஆட்கள். எனவே எவ்வளவு ரீச் என்று கேட்பதை விட்டுவிட்டு, குறைவாக ஆன்லைனில் இருப்பவர்கள் உங்களிடம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத தளத்துக்கு 27 ஆயிரம் என்று வைத்து விலை பேசுங்கள்.