அறிக்கையில் ஆதாரம் காட்டுவது: நான்கு கேள்விகள்

கமுதி சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட் என்பதை விக்கிப்பீடியாவில் பார்த்தேன். மேற்கோள் பட்டியலில் விக்கிப்பீடியா என்றே எழுதலாமா? (10ஆம் வகுப்பு)

அதை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய அடிக்குறிப்பு எண் இருக்கும். அதைத் தட்டினால் செய்தியோ அரசு அறிக்கையோ வரும். அதைத் திறந்து, 648 உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று படித்துவிட்டு, அதையே ஆதாரமாக எழுதுங்கள். திறக்காமல் அடிக்குறிப்பை மட்டும் நகலெடுப்பது தவறு. படிக்காததைப் படித்ததாகக் காட்டுவது அது.

இந்தியாவின் புதுப்பிக்கத்தக்க மின்திறனுக்கு இரண்டு நூல்களில் இரண்டு எண்கள். எதை எழுதுவது? (11ஆம் வகுப்பு)

நல்ல கேள்வி. இரண்டும் சரியாகவே இருக்கலாம். 2019 மார்ச் வரை, 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் நிலையங்களை இந்திய அரசு இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அப்புறம்தான் சேர்த்தது. ஆகவே 2017இல் வந்த நூலையும் 2022இல் வந்த நூலையும் அப்படியே ஒப்பிட்டால், புதிதாக எதுவும் கட்டாமலே திறன் எகிறியதுபோலத் தெரியும். சூரிய, காற்றாலைத் திறனும் மாதந்தோறும் மாறுகிறது.

அதனால் வெளியான ஆண்டு மட்டும் போதாது, எந்த நாளின் கணக்கு என்பதையும் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "2023 மார்ச் 31 நிலவரப்படி, பெரிய நீர்மின் நிலையங்களையும் சேர்த்து… (மத்திய மின்சார ஆணையம், 2023)." கடைசிப் பட்டியலில் இதே பெயர் முதலில் வர வேண்டும்:

மத்திய மின்சார ஆணையம். (2023). அறிக்கையின் தலைப்பு. இணைய முகவரி.

உள்ளே "ஆணையம்" என்றும் பட்டியலில் வேறு பெயரிலும் எழுதினால் படிப்பவர் தேடித் திணறுவார். அடைப்புக்குறியில் உள்ள ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று விரல் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். மாணவர் அறிக்கைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

ஆசிரியர் பெயர் "ம. கவிதா" என்றால் பட்டியலில் எப்படி எழுதுவது? (ஓர் ஆசிரியை)

ஆங்கில முறையில் குடும்பப் பெயர் முதலில் வரும். நமக்கோ 'ம.' என்பது பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்து. அதை முன்னால் வைத்து அகரவரிசையில் மகரத்தில் சேர்த்தால் கவிதாவை யாரும் கண்டுபிடிக்க முடியாது. "கவிதா, ம. (2021)" என்று எழுதிக் ககர வரிசையில் வையுங்கள். உள்ளே (கவிதா, 2021) போதும். முழுப் பெயராக "கவிதா மணி" என்று அச்சிட்டிருந்தாலும், மணி அப்பா பெயர் என்று தெரிந்தால் கவிதாதான் முதலில்.

காற்றாலைப் படத்துக்கு "ஆதாரம்: கூகுள்" என்று போட்டேன், மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். (9ஆம் வகுப்பு)

சரியாகத்தான் குறைத்திருக்கிறார்கள். கூகுள் தேடிக் கொடுத்தது, படம் எடுத்தது வேறொருவர். படத்தைத் தட்டி அது இருக்கும் பக்கத்துக்குப் போய், எடுத்தவர் பெயரையும் அந்தத் தளத்தையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். பெயரே கிடைக்காவிட்டால் வேறு படம் தேடுங்கள், அல்லது நீங்களே வரைந்துவிடுங்கள்.